சந்திரனின் பிறைகளும் கிரகணமும்: உன் செயலட்டைப் படங்களுக்கு விளக்கம்

அன்புள்ள பிள்ளைக்கு,

நேற்று இரவு நீ அனுப்பிய செயலட்டையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். படம் எடுக்கும்போது வலப்பக்க விளிம்பு வெட்டுப்பட்டுவிட்டது. முதலாம் படத்தில் சூரியனே இல்லை. பரவாயில்லை, அதிலிருந்தே தொடங்கலாம்.

பூமியைச் சுற்றி எட்டுச் சந்திரன்கள் வரைந்திருக்கிறார்கள். எட்டிலும் வலப்பாதி வெள்ளை, இடப்பாதி கறுப்பு. நடுவில் உள்ள பூமியும் அப்படித்தான். ஆகவே வெளிச்சம் வலப்பக்கத்திலிருந்து வருகிறது. சூரியன் அந்தப் பக்கம்தான் இருக்க வேண்டும். இனி இப்படியொரு படம் வந்தால் முதலில் சூரியன் எங்கே என்று பார், பிறகு பென்சிலை எடு. சோதனையில் சூரியனை இடப்பக்கம் வைத்துக் கேட்டால், மனப்பாடம் செய்த விடை தலைகீழாகிவிடும்.

அடுத்து, அந்த எட்டுச் சந்திரன்களுக்கும் வெளியே, பூமியிலிருந்து தெரியும் நிலவை வரைய விட்ட கட்டங்களில் நீ நிழற்றியது. எட்டுக் கட்டத்திலும் வலப்பாதியை வெள்ளையாக விட்டு இடப்பாதியைக் கறுப்பாக்கியிருக்கிறாய். உள்ளே இருப்பதைப் பார்த்து அப்படியே வரைந்திருக்கிறாய் என்று விளங்குகிறது. உள்ளே இருக்கும் எட்டும், பூமிக்கு மிக மேலே வடக்குப் பக்கம் நின்று ஒருவர் கீழே பார்த்தால் தெரிவது. கட்டங்களில் வர வேண்டியது, பூமியில் நிற்கும் நீ பார்ப்பது. பார்க்கும் இடம் மாறுகிறது, அதனால் உருவமும் மாறுகிறது.

ஒரு வழி சொல்கிறேன், செய்து பார். பூமியின் நடுவிலிருந்து ஒவ்வொரு சந்திரனுக்கும் ஒரு கோடு இழு. அந்தச் சந்திரனின் நடுவில், கோட்டுக்குச் செங்குத்தாக இன்னொரு கோடு. சந்திரன் இரண்டு பாதியாகும். பூமியை நோக்கிய பாதி மட்டுமே உன் கண்ணுக்குத் தெரியும், மற்றதை மறந்துவிடு. தெரியும் பாதியில் எவ்வளவு வெள்ளை இருக்கிறதோ அதுதான் அன்றைய நிலவு.

1ஆம் இடம் பூமிக்கு வலப்பக்கம், சூரியனுக்கும் பூமிக்கும் இடையில். உன்னை நோக்கிய பாதி முழுவதும் கறுப்பு. அமாவாசை. நேர் எதிரே 5ஆம் இடத்தில் உன்னை நோக்கிய பாதி முழுவதும் வெள்ளை. பூரணை. மேலே இருக்கும் 3இல் பாதி வெள்ளை, பாதி கறுப்பு: வளர்பிறை அரை நிலவு. கீழே 7இலும் பாதிதான், ஆனால் தேய்பிறை. இங்கேதான் எல்லாருக்கும் இடம் வலம் குழம்பும். தாளைச் சுற்றிவிடு. 7ஆம் சந்திரன் உனக்கு எதிரே, தூரத்தில் வரும்படி திருப்பிப் பிடித்தால், வெள்ளைப் பகுதி உன் இடக்கைப் பக்கம் வந்துவிடும். 3ஐப் பார்க்கும்போது அது வலக்கைப் பக்கம். இடையில் உள்ள 2, 8 பிறைகள். 4, 6 முக்கால் நிலவுகள்.

இந்தச் சுற்று முடிய ஏறத்தாழ 29½ நாள். நான்காகப் பிரித்தால் ஒரு கால் 7 நாளும் சில மணித்தியாலமும். அம்மம்மாவிடம் கேள்: 1966 முதல் 1971 வரை இங்கே சனி ஞாயிறுக்குப் பதிலாகப் போயா நாளும் அதற்கு முந்திய நாளும்தான் விடுமுறை. அமாவாசை, அரை நிலவு, பூரணை, மறுபடி அரை நிலவு என்று வாரத்தைச் சந்திரனே முடிவு செய்த காலம். அதனால் ஒரு போயாவுக்கும் அடுத்த போயாவுக்கும் இடையில் சில வேளை ஒரு நாள் கூடிவிடும். உன் படத்தின் 1, 3, 5, 7தான் அந்த நான்கு நாட்கள்.

இரண்டாம் கேள்விக்கு நீ எழுதியது: ‘பூமியின் நிழல் சந்திரனில் விழுவதால் பிறைகள் உண்டாகின்றன.’ அதை வெட்டிவிடு. வளர்ந்தவர்களிலும் பலர் இப்படித்தான் நம்புகிறார்கள், ஆகவே கவலைப்படாதே. ஆனால் படத்தையே பார். சூரியன் வலப்பக்கம் என்றால் பூமியின் நிழல் எந்தப் பக்கம் விழும்? இடப்பக்கம். 1, 2, 3, 7, 8 ஆகிய இடங்களில் சந்திரன் அந்த நிழலின் பக்கமே போகவில்லை. அமாவாசையில் அது நிழலுக்கு நேர் எதிர்ப்புறம் நிற்கிறது. சந்திரனின் கறுப்புப் பாதி, வெயில் படாத அதன் சொந்த முதுகு. அங்கே இரவு, அவ்வளவுதான்.

இப்படி எழுது: ‘சந்திரனின் ஒரு பாதியில் எப்போதும் சூரிய ஒளி படுகிறது. சந்திரன் பூமியைச் சுற்றி வருவதால், ஒளி பட்ட அந்தப் பாதியில் நமக்குத் தெரியும் அளவு நாளுக்கு நாள் மாறுகிறது.’

இன்னொன்று. கட்டங்களில் பிறை நேராக நிமிர்ந்து நிற்கிறது. காலிமுகத்திடலில் மூன்றாம் பிறையைப் பார்த்தாயானால் தோணி மாதிரி மல்லாந்து கிடக்கும். படம் பிழையில்லை. நாம் பூமத்திய ரேகைக்கு ஏழு பாகை வடக்கே மட்டும் இருக்கிறோம். இங்கே சூரியன் ஏறக்குறைய நேராகக் கடலுக்குள் இறங்குகிறது, பிறை அதற்கு மேலே நிற்கிறது. ஒளி பட்ட பக்கம் எப்போதும் சூரியனைப் பார்த்தபடியே இருக்கும் என்பதால் அது கீழ்ப்பக்கம் வந்துவிடுகிறது. ஐரோப்பா போன்ற வடக்கு நாடுகளில் பார்ப்பவருக்குத்தான் பிறை செயலட்டையில் உள்ளதுபோல் நிமிர்ந்து தெரியும்.

பூரணையன்று மாலை அங்கேயே போய் நில். முன்னால் கடலில் சூரியன் இறங்கும். திரும்பிப் பார்த்தால் கட்டடங்களுக்கு மேலே சந்திரன் ஏறும். நடுவில் பூமி, அதாவது நீ. 5ஆம் இடம் என்றால் என்னவென்று அதற்குப் பிறகு மறக்கவே மாட்டாய்.

சரி, கிரகணப் படங்களுக்கு வருவோம். இரண்டாம் படத்தில் சூரியன், சந்திரன், பூமி என்ற வரிசை. மூன்றாம் படத்தில் சூரியன், பூமி, சந்திரன். இரண்டுக்கும் கீழே நீ ‘பூரணை’ என்று எழுதியிருக்கிறாய். நடுவில் யார் என்று மட்டும் பார். நடுவில் சந்திரன் என்றால் அது 1ஆம் இடம், அமாவாசை. சந்திரன் சூரியனை மறைக்கிறது, ஆகவே சூரிய கிரகணம். நடுவில் பூமி என்றால் 5ஆம் இடம், பூரணை. பூமியின் நிழலுக்குள் சந்திரன் போகிறது, ஆகவே சந்திர கிரகணம். நிழல் என்ற சொல்லை எழுத வேண்டிய இடம் இதுதான்.

இனி நீ பக்கத்தில் பென்சிலால் எழுதிய கேள்வி: ‘அப்படியென்றால் ஒவ்வொரு பூரணைக்கும் ஏன் கிரகணம் வரவில்லை?’ செயலட்டையில் கேட்காத கேள்வி. அதைப் பார்த்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். விடை தாளில் கிடைக்காது, ஏனென்றால் தாள் தட்டையானது, அளவும் சரியில்லை.

ஒரு தோடம்பழத்தை எடு, குறுக்களவு 7½ சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள். அது பூமி. சந்திரன் 2 சென்ரிமீற்றர், பெரிய மாபிள் ஒன்று. அதை எங்கே வைக்க வேண்டும்? செயலட்டையில் ஒரு விரற்கடை தூரம். உண்மையில் 2¼ மீற்றர் தள்ளி, உங்கள் விறாந்தையின் மறுமுனையில். சூரியனோ 8 மீற்றர் உயரமான உருண்டை, இரண்டு மாடி வீடு அளவு. காலி வீதியில் கிட்டத்தட்ட 900 மீற்றர் நடந்தால்தான் வரும்.

சந்திரன் சுற்றும் பாதை, பூமி சூரியனைச் சுற்றும் தளத்துக்கு 5 பாகையளவு சரிந்திருக்கிறது. ஐந்து பாகை சிறிதாகத் தோன்றும். ஆனால் அந்த 2¼ மீற்றர் தூரத்தில் மாபிள் 20 சென்ரிமீற்றர் வரை மேலேயோ கீழேயோ போய்விடும். தோடம்பழத்தின் நிழல் அங்கே போய்ச் சேரும்போது அகலம் ஐந்து சென்ரிமீற்றர் சொச்சம்தான். ஆகவே பெரும்பாலான பூரணைகளில் சந்திரன் நிழலுக்கு மேலாகவோ கீழாகவோ தப்பிப் போகிறது. அமாவாசையிலும் இதே கதை, சந்திரனின் நிழல் பூமியில் படாமல் விலகிப் போகும்.

சரிந்த பாதை தளத்தை இரண்டு இடத்தில் வெட்டுகிறது. அமாவாசையோ பூரணையோ அந்த இடங்களுக்குப் பக்கத்தில் நேர்ந்தால்தான் கிரகணம். அந்த வாய்ப்பு ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும். பஞ்சாங்கத்தில் ராகு, கேது என்று கணிப்பது இந்த இரண்டு வெட்டுப் புள்ளிகளைத்தான். அம்மம்மா ‘ராகு பிடிக்கிறது’ என்று சொல்லும்போது சிரிக்காதே. அந்தப் பெயருக்குள் சரியான கணக்கு இருக்கிறது.

இரண்டாம் படத்தில் அ, ஆ என்று குறித்த நிழல்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஊசி முனைபோல் ஒடுங்கும் கடும் நிழல் அ. அதற்குள் நிற்பவருக்குச் சூரியன் முழுதாக மறையும். சுற்றியுள்ள மங்கல் நிழல் ஆ. அங்கே ஒரு பகுதி மட்டும் மறையும். சூரியன் சந்திரனைவிட 400 மடங்கு பெரியது, தூரமும் ஏறத்தாழ 400 மடங்கு. அதனால் வானில் இரண்டும் ஒரே அளவாகத் தெரிகின்றன. சந்திரன் சற்றுத் தூரமாகிவிட்டால் அந்த ஊசி முனை பூமியைத் தொடாது, சுற்றிவர நெருப்பு வளையம் தெரியும். 2019 டிசெம்பர் 26 அன்று யாழ்ப்பாணத்தில் வளையம். அதே காலையில் கொழும்பில் கடித்த பிஸ்கட் போலத்தான் சூரியன். நீ அப்போது சின்னப் பிள்ளை. எப்போது வந்தாலும் வெறுங்கண்ணால் சூரியனைப் பார்க்கக் கூடாது. கறுப்புக் கண்ணாடி, எக்ஸ்ரே படம் எதுவும் காப்பாற்றாது. மட்டையில் ஊசித் துளை போட்டு நிலத்தில் விழும் உருவத்தைப் பார்.

சந்திர கிரகணத்துக்கு அந்தப் பயம் இல்லை, இரவாக இருக்கும் பூமியின் பாதி முழுவதும் பார்க்கலாம். 2025 செப்டெம்பர் 7 போயாவன்று, இரவு 11 மணியிலிருந்து நள்ளிரவு தாண்டும்வரை, மொத்தம் ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகச் சந்திரன் முழுதாக நிழலுக்குள் இருந்தது. முழுதாக மூழ்கியும் கறுக்காமல் செம்பு நிறமாகும். பூமியைச் சுற்றியுள்ள காற்று ஒளியைச் சற்று வளைத்து உள்ளே அனுப்புகிறது. நீலம் வழியிலேயே சிதறிவிட, சிவப்பு மட்டும் போய்ச் சேர்கிறது. உலகத்தின் அத்தனை விடியலும் அத்தனை அந்தியும் அப்போது ஒன்றாகச் சந்திரனில் விழுகின்றன. எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த இடம் இது.

ஆறாம் கேள்வியின் மேல் உன் கைபேசியின் நிழல் விழுந்து எழுத்துத் தெரியவில்லை. காலையில் ஜன்னலருகே வைத்து, வலப்பக்க விளிம்பும் வரும்படி இன்னொரு படம் எடுத்து அனுப்பு. கட்டங்களை அழித்துத் திரும்ப வரைந்ததையும் சேர்த்து அனுப்பு, 7ஐத்தான் முதலில் பார்ப்பேன்.

அன்புடன்,
சித்தி