ஆர்டர் புக்: தீபாவளி தையல், பினாங்கு

நம்பர் 41. பிறை அக்கா. பிளவுஸ் 3, எல்லாத்துக்கும் லைனிங். உயரம் 14, மார்பு 36, இடுப்பு 31, தோள் 14, கை நீளம் 6, கை சுத்து 11½, முன் கழுத்து 7, பின் கழுத்து 9. போன தடவ கை டைட்டாயிருச்சுன்னு வருத்தப்பட்டாங்க, நம்ம தப்புதான், அதனால இந்தவாட்டி உள்ள ஒரு இஞ்ச் துணி கூடவிட்டு தைக்கணும். ஒண்ணு 45 வெள்ளி, மொத்தம் 135, அட்வான்ஸ் 60, பாக்கி 75. டெலிவரி 12/10. ஃபெரி ஏறி வர்றவங்க, மொதநாளே போன் பண்ணி சொல்லிடணும்.

நம்பர் 42. அவங்க மக. பஞ்சாபி சூட் 1, அளவு சட்டை பையிலேயே இருக்கு, நீளம் மட்டும் 2 இஞ்ச் ஏத்தணும். 80 வெள்ளி, அட்வான்ஸ் 30, பாக்கி 50. 14/10.

நம்பர் 38. தாத்தா ஜிப்பா கொடுத்தாச்சு. பாக்கி 20, பென்ஷன் வந்ததும் தருவாரு, கேக்க வேணாம்.