விலை போடாத ஜாக்கெட்

ஆனி மாசக் கடைசியில் அப்பாவின் தையல் கடையை வாட்ஸ்அப் பிசினஸில் ஏற்றினேன். பிளைன் ஜாக்கெட், லைனிங் ஜாக்கெட், பானைக் கழுத்து, பஃப் கை என்று பதினொரு படங்கள், எல்லாம் திண்ணையில் வெள்ளை வேட்டியை விரித்து எடுத்தவை. விலைக் கட்டத்துக்கு வந்ததும் அப்பா மெஷினை நிறுத்திவிட்டார். சங்கரன்கோவில் பக்கத்தில் இந்த ஊரில் முப்பது வருஷமாகத் தைக்கிறார், கூலிக்கு ஒரே கணக்கு இருந்ததே இல்லை. ஆளைப் பார்த்து வாங்குவார், சிலர் பருத்தி விற்ற பிறகு தருவார்கள், சிலரிடம் கேட்கவே மாட்டார். நான்தான் டவுனில் விசாரித்து பிளைனுக்கு 150, லைனிங்குக்கு 350 என்று போட்டேன்.

ராஜபாளையத்தில் வாழ்க்கைப்பட்ட எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி லிங்கைத் தன் தெரு குரூப்பில் போட, பத்து நாளில் ஏழு ஆர்டர். முதலாவதே சரியாக வரவில்லை. 'சைஸ் 36' என்று வந்த மெசேஜை நம்பித் தைத்தது, போட்டவருக்கு அக்குளில் பிடித்தது. நல்லவேளை, அப்பா உள்ளே துணி விட்டிருந்தார், பிரித்துக் கொடுத்தோம். அப்புறம் 'அளவு ஜாக்கெட் அனுப்பினால்தான் தைப்போம்' என்று ஒவ்வொரு படத்துக்குக் கீழும் எழுதச் சொன்னார்.

ஆடித் தபசுக்கு நாலு நாள் இருக்கும்போது பேச்சி ஆச்சி வந்தாள். துணியைப் பலகையில் வைத்துவிட்டு முந்தானை முடிச்சை அவிழ்த்து 150 ரூபாயை எண்ணி வைத்தாள்.

"எதுக்கு ஆச்சி இம்புட்டு?"

"பேத்தி போன்ல பாத்துச் சொன்னாய்யா. இத்தன வருசமா அறுவது ரூவாயக் குடுத்து உன்ன ஏமாத்தியிருக்கேனே."

அப்பா என்னைப் பார்த்தார். கோபமாக இருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"அது வெளியூருக்குப் போட்ட விலை ஆச்சி" என்று சொல்லிப் பார்த்தேன்.

"துணி ஒண்ணு, தையல் ஒண்ணு, ஊருக்கு ஊரு விலை மாறுமா தாயி?"

எனக்குப் பதில் வரவில்லை. அப்பா கொஞ்ச நேரம் பாபினில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். பிறகு, "விலை போடாம விட்டா அது ஏத்துக்கிடுமாட்டி?" என்றார்.

ஏற்றுக்கொள்ளும். பிளைன் ஜாக்கெட்டைத் திறந்து 150ஐ அழித்தேன். 'கூலி பேசிக்கொள்ளலாம்' என்று கீழே எழுதினேன். லைனிங் விலையை அப்பா தொடச் சொல்லவில்லை; அந்த வருமானம் எங்களுக்கும் வேண்டியிருக்கிறது.

ஆச்சி ரூபாயைத் திரும்ப வாங்க மறுத்தாள். கடைசியில் 100 என்று பேசி முடித்தார்கள். போன் சத்தம் போட்டது, ராஜபாளையத்து ஆர்டர் எதுவோ.

அளவு நோட்டில் ஆச்சியின் பக்கத்தைப் புரட்டிய அப்பா, நிமிர்ந்து அவள் தோளைப் பார்த்தார்.

"எளைச்சுட்டீங்க ஆச்சி. தோள் எறங்குது பாருங்க, இந்த அளவு ஆகாது."

கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்துக்கொண்டு எழுந்தார்.