வடசென்னை ஆலைகள்: யாருக்கு விற்கிறோம், முதலில் யாரைப் பார்க்கிறோம்

விற்பனைக் குழுவுக்கு,

நம் மெஷின் பராமரிப்பு மென்பொருளை இந்தக் காலாண்டில் ஒரே வகை ஆலைக்குத்தான் விற்கிறோம். ஆண்டு விற்றுமுதல் 60 முதல் 300 கோடி ரூபாய், வேலையாட்கள் 100 முதல் 400 பேர், குறைந்தது இரண்டு ஷிஃப்ட், முதலாளியோ அவர் பிள்ளையோ தினமும் ஆலைக்கு வருபவர். அரசுக் கணக்கில் 100 கோடிக்குக் கீழே இருப்பது 'சிறு' நிறுவனம்தான். இருக்கட்டும், நமக்கு அந்தக் கோடு முக்கியமில்லை.

முக்கியம் வேறு. மெஷின் நின்றால் யாருக்கு உடனே வலிக்கிறது? கார் கம்பெனிக்கு உதிரிபாகம் அனுப்பும் ஆலைக்கு வலிக்கும். அவர்களுக்கு ஐஏடிஎஃப் 16949 சான்றிதழ் வேண்டும். அந்தத் தரநிலை ஓஇஇ, எம்டிபிஎஃப், எம்டிடிஆர் போன்ற பராமரிப்பு இலக்குகளை எழுத்தில் வைக்கச் சொல்கிறது. பல இடங்களில் ஆடிட்டுக்கு முந்தின வாரம் எக்செல்லில் உட்கார்ந்து அதை 'தயாரிக்கிறார்கள்'. அந்த வாரத்தை அனுபவித்த பராமரிப்பு மேலாளர்தான் உள்ளே நமக்காகப் பேசுவார். கையெழுத்து முதலாளியுடையது. பர்ச்சேஸ் ஆளிடம் தொடங்கினால் விலையில் தொடங்கி விலையிலேயே முடியும்.

வேண்டாதவை: மணலியின் பெரிய சுத்திகரிப்பு, உர ஆலைகள் (டெண்டர் வேகம் நமக்குக் கட்டாது), வியாசர்பாடியின் பத்துப்பேர் லேத் பட்டறைகள், எஸ்ஏபி-யில் பராமரிப்புப் பகுதியை ஏற்கெனவே ஓட்டுபவர்கள், முடிவு மும்பைத் தலைமையகத்தில் எடுக்கப்படும் கிளைகள்.

பட்டியலில் 40 ஆலைகள். பெயர்கள் ஷீட்டில் உள்ளன; பிரித்த விதம் இது.

முதல் வரிசை, 12: அம்பத்தூர் எஸ்டேட்டின் பிரஸ், சிஎன்சி உதிரிபாக ஆலைகள் எட்டு, விச்சூர் சிட்கோவில் நான்கு. இவற்றில் ஐந்து பேர் இப்போது பராமரிப்பு இன்ஜினியர் தேடி விளம்பரம் கொடுத்திருக்கிறார்கள். அவர்களுக்கே முதல் போன்.

இரண்டாம் வரிசை, 16: கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் ஃபவுண்டரி, ரோலிங் மில்கள். ஃபர்னஸ் லைனிங் எத்தனை ஹீட் தாங்கியது என்பது இன்னும் சூப்பர்வைசர் நோட்டில்தான் இருக்கிறது. டெமோவை அந்த நோட்டிலிருந்தே தொடங்குங்கள்.

மூன்றாவது, 12: மாதவரம், காக்களூர் பேக்கேஜிங், உணவு ஆலைகள். மெயில் மட்டும் போதும்.

ஷீட்டில் சேர்க்குமுன் கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் 100 ரூபாய் கட்டி நிதிநிலை அறிக்கையைப் பாருங்கள். கூட்டாண்மை நிறுவனம் என்றால் அங்கே கிடைக்காது; ஷிஃப்ட் பஸ் எத்தனை வருகிறது என்று கேட்டில் விசாரியுங்கள், அளவு தெரிந்துவிடும். எண்ணூர், மணலி சாலையில் கண்டெய்னர் லாரி நெரிசல் இருப்பதால் அந்தப் பக்கம் ஒரு நாளைக்கு இரண்டு சந்திப்புக்கு மேல் வைக்காதீர்கள்.

இரண்டு சந்திப்புக்குப் பிறகும் முதலாளியைப் பார்க்க முடியவில்லையா? அந்த ஆலையை மூன்றாம் வரிசைக்கு இறக்கிவிடுங்கள்.