குறிப்பு என்ற கட்டத்தில்

கயல்விழி எழுதுவது என் கைக்கு வர மூன்று மாதம். நான் எழுதுவது அவளுக்குப் போய்ச் சேர நாலரை மாதம்.

முன்னே அவள் கலம், பின்னே என் கலம். இரண்டும் ஒளியின் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு வேகத்தில் பிராக்சிமா செண்டாரி விண்மீனை நோக்கிப் போகின்றன. நடுவே இருப்பது ஒளி 110 நாள் ஓடவேண்டிய தூரம். அவள் அனுப்பும் செய்தியை நாங்கள் எதிரே ஓடிப்போய் வாங்கிக்கொள்கிறோம். என் செய்தியோ விலகி ஓடும் கலத்தைத் துரத்திப் பிடிக்கவேண்டும். அதனால்தான் பூமி நாட்காட்டிப்படி அவளுடையதற்குக் கிட்டத்தட்ட 92 நாள், என்னுடையதற்கு 137க்கும் கொஞ்சம் மேல்.

அவளை நான் நேரில் பார்த்ததே இல்லை. நான் பணியில் சேருவதற்குள் முன்கலம் கிளம்பிவிட்டது. அவள் அங்கே கேடயத்தைக் கவனிக்கிறாள். நான் இங்கே சிக்னல் பார்க்கிறேன். இந்த வேகத்தில் ஒரு மில்லிகிராம் தூசி மோதினால், 440 கிலோ டி.என்.டி. வெடித்த மாதிரி. எத்தனை துகள் பட்டது, எந்த அளவு, கேடயத்தில் எந்த இடம் என்று தினமும் பட்டியல் அனுப்புவாள். பின்னால் வருகிற நாங்கள் 60 பேரும் அதை நம்பித்தான் தூங்குகிறோம்.

பட்டியலின் அடியில் ‘குறிப்பு’ என்று ஒரு சின்னக் கட்டம். இரண்டு வருடமாக அதில் ‘இல்லை’ என்றுதான் வந்துகொண்டிருந்தது. ஒருநாள், ‘இன்று 3 துகள்தான். நன்றாகத் தூங்கினேன்’ என்று வந்தது. ‘நாங்களும்’ என்று எழுதி அனுப்பினேன். அப்படித்தான் ஆரம்பம்.

ஒருமுறை கேடயத்துக்குப் பின்னால் இருக்கும் அதிர்வு உணரியின் பதிவை ஒலியாக மாற்றி அனுப்பியிருந்தாள். ஓட்டுக்கூரையில் தூறல் விழுவதுபோல டக், டக்கென்று. நடுவில், அவள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வது கேட்டது. பெரிய துகள் ஒன்று பட்டிருக்கவேண்டும். அந்த இடத்தை எத்தனை தடவை கேட்டேனோ, கணக்கில்லை.

அவள் ‘நீ’ என்று எழுத ஆரம்பித்த பிறகும், வழியில் இருந்த என் கடிதங்கள் எல்லாம் ‘நீங்கள்’ என்றே அவளிடம் போய்க்கொண்டிருந்தன. அவற்றைத் திரும்பக் கூப்பிட வழியில்லை. ஏழரை மாதம் அவள் அதைப் பொறுத்துக்கொண்டாள்.

இருபதாம் வருடம் கேட்டேவிட்டேன். ‘அங்கே வந்து சேர்ந்த பிறகு என்னோடு வாழ்வாயா?’ எனக்கு வயது 48, அவளுக்கு 50. பதில் வர ஏழு மாதத்துக்கு மேல் ஆகும் என்று தெரிந்துதான் கேட்டேன். அதற்குப் பிறகும் தினமும் அவள் கடிதங்கள் வந்தன. எதுவும் என் கேள்வியைப் பார்த்து எழுதியதில்லை. ஆனாலும் ஒவ்வொன்றிலும் தேடினேன்.

அதற்குள் முன்கலம் பிரேக் போடும் காலம் வந்தது. எஞ்சினை முன்பக்கம் காட்ட, கலம் முழுவதும் திரும்பவேண்டும். திரும்பும்போது கேடயம் விலகிவிடும், தூசிக்கு விலாவைக் காட்டிக்கொண்டு நிற்கும். 12 நாள் தொடர்பு இருக்காது என்று முன்பே சொல்லியிருந்தாள்.

பதின்மூன்றாம் நாள் ஒன்றும் வரவில்லை. பதினான்காம் நாளும் இல்லை. அங்கே என்ன நடந்திருந்தாலும் அது மூன்று மாதத்துக்கு முன்பே நடந்து முடிந்த விஷயம். பணிநேரம் முடிந்தும் நான் எழுந்து போகவில்லை. யாரும் போகச் சொல்லவும் இல்லை.

பதினேழாம் நாள் கோடு துடித்தது. செய்தி பிரிந்து எழுத்தாக வருவதற்கு முன்பே அதைச் சுமந்து வந்த லேசரின் அலைநீளத்தைப் பார்த்தேன். இருபது வருடமாக 1550 நானோமீட்டரில் அசையாமல் நின்றது இப்போது 1549.6. அலை நெருங்கியிருக்கிறது. அவள் கலம் என்னைவிட வினாடிக்கு 80 கிலோமீட்டர் மெதுவாகப் போகிறது. பிரேக் பிடித்துவிட்டது. முதன்முறையாக எங்களுக்கு நடுவே தூரம் குறைகிறது.

“என்னப்பா, உயிரோடு இருக்கிறார்களா?” என்றார் தலைவி, கதவருகே நின்றபடி.

“இருக்கிறார்கள்மா. எல்லாரும்.”

பட்டியல் இறங்கியது. பெரிய துகள் எதுவும் இல்லை. லேசர் கருவி மடங்கியபடி சிக்கிக்கொண்டதால்தான் தாமதம். கடைசியில் அந்தக் கட்டம். திரும்புவதற்கு முந்தின இரவு எழுதி வைத்தது.

‘லேசர் கருவியை மடக்கியாயிற்று. இது எப்போது கிளம்புமோ. நாளை முதல் கேடயம் இல்லாமல் நிற்கப்போகிறோம். பயமாக இருக்கிறது. பயம் வந்தால் உன் பெயர்தான் வாயில் வருகிறது. நீ வந்து இறங்கியதும் என்னோடு இருந்துவிடு. சம்மதமா?’

நான் கேட்டது தெரியாமலேயே கேட்டிருக்கிறாள். நாட்களை எண்ணிப் பார்த்தேன். என் கேள்வி இன்றைக்கோ நாளைக்கோ அவள் திரையில் விழும்.

பதில் அடித்தேன்:

‘சம்மதம். உன் சம்மதமும் எனக்குக் கிடைத்துவிட்டது, தனியாக எழுதவேண்டாம். எனக்கு முன்னால் நீ இறங்கிவிடுவாய். ஜன்னல் உள்ள அறையாகப் பார். தூசிப் பட்டியலை நிறுத்திவிடாதே, இன்னும் உன் பின்னால்தான் வருகிறோம்.’