மூட்டு மாற்று அறுவை சிகிச்சை: வருபவருக்கும் துணைக்கு இருப்பவருக்கும்

வரும் செவ்வாய், புதன் இரண்டு நாளும் சேர்த்து நம் வார்டில் ஏழு பேருக்கு மூட்டு மாற்று. ஐந்து முழங்கால், இரண்டு இடுப்பு. ஆபரேஷனுக்குப் பிறகு உங்களை எழுப்பி நடக்கவைக்கும் பிசியோதெரபிஸ்ட் நான். சனிக்கிழமை வகுப்பில் பேசியதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். துணைக்கு இருக்கப் போகிறவரும் முழுவதும் படிக்க வேண்டும். அவர் படிக்காவிட்டால் என்ன ஆகும் என்பது கீழே வருகிறது.

முன்பெல்லாம் இந்த ஆபரேஷன் என்றால் ஒரு வாரம், பத்து நாள் படுக்கைதான். காலில் கட்டு, பக்கத்தில் ரத்தம் வடியும் குழாய், சிறுநீர்க் குழாய், பட்டினி. 1990களில் டென்மார்க்கின் அறுவை மருத்துவர் ஹென்ரிக் கெலெட், குடல் அறுவை சிகிச்சை நோயாளிகளை வைத்து இவற்றில் எது உண்மையிலேயே தேவை என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தார். பல விஷயங்கள் வெறும் பழக்கம் என்று தெரிந்தது. அந்த வழியே பிறகு மூட்டு மாற்றுக்கும் வந்தது. நாம் பின்பற்றுவதும் அதுதான். வழக்கமாகக் குழாய்கள் போடுவதில்லை, நீண்ட பட்டினி இல்லை, அன்றைக்கே எழுந்து நடக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் இரண்டாம் அல்லது மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகிறார்கள். ஆனால் நாளை எண்ணி யாரையும் அனுப்ப மாட்டோம். உங்களால் என்ன செய்ய முடிகிறது என்று பார்த்துத்தான் அனுப்புவோம்.

வருவதற்கு முன்

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 13-க்குக் கீழே இருந்தவர்களை மருத்துவர் தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருப்பார். இரும்புச் சத்து ஊசி போட்டுக்கொண்டவர்களின் அளவை அட்மிஷனன்று திரும்பப் பார்ப்போம். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி, அதாவது எச்பிஏ1சி, 8-க்கு மேல் இருந்த இரண்டு பேரை அடுத்த மாதத்துக்குத் தள்ளியிருக்கிறோம். அவர்களுக்கு வருத்தம்தான். ஆனால் சர்க்கரை ஏறியிருக்கும்போது புது மூட்டில் கிருமி புகுந்தால் அதை எடுக்க இன்னும் இரண்டு ஆபரேஷன் ஆகலாம். ஒரு மாதம் பொறுப்பது எவ்வளவோ மேல்.

பீடி, சிகரெட், புகையிலை மூன்றையும் குறைந்தது நான்கு வாரத்துக்கு முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தாதவர் மறைக்காமல் மயக்க மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். திட்ட மாட்டார். பல் வலி, சீழ்க் கொப்புளம், சிறுநீர் எரிச்சல், கால் விரலிடுக்கில் சேற்றுப்புண் இருந்தாலும் இப்போதே சொல்லுங்கள். ஆபரேஷன் மேஜையில் போய்ச் சொல்ல வேண்டாம். வீட்டில் காலைச் சவரம் செய்து வரக் கூடாது. பிளேடு விட்ட சின்னக் கீறல்தான் கிருமிக்கு வாசல். முடி எடுக்க வேண்டியிருந்தால் இங்கே கிளிப்பரால் எடுப்போம். முந்தின இரவும் காலையிலும் நாங்கள் கொடுக்கும் மருந்துச் சோப்பால் குளித்தால் போதும்.

மாத்திரை விஷயம். சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் சாப்பிடுபவர்கள் மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு எப்போது நிறுத்துவது என்று சீட்டில் தேதி போட்டு எழுதியிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று முன்னே பின்னே மாற்ற வேண்டாம். சாப்பிடுகிற எல்லா மாத்திரையையும் அட்டையோடு ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள்.

வீட்டைப் பற்றியும் இப்போதே யோசியுங்கள். கீழே ஒரு அறையில் கட்டில் வேண்டும். தரையில் பாய் விரித்துப் படுப்பது, சம்மணம் போட்டுச் சாப்பிடுவது, குந்தி உட்காரும் கழிப்பறை மூன்றும் இனி இல்லை. மேல்நாட்டுக் கழிப்பறை இல்லாதவர்கள் கமோடு நாற்காலி ஒன்று வாங்கிவிடுங்கள், வாடகைக்கும் கிடைக்கிறது. மிதியடி, தரையில் ஓடும் ஒயர், உயரமான நிலைப்படி எல்லாம் கண்ணில் படட்டும். பூஜை அறையில் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள், சாமி கோபிக்காது.

பட்டினி பற்றி

ராத்திரி பத்து மணிக்குப் பிறகு எச்சில்கூட விழுங்காமல் வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது தேவையில்லை. திட உணவு ஆறு மணி நேரம் முன்பு வரை சாப்பிடலாம். தண்ணீரும் தெளிந்த பானமும் இரண்டு மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம். காலை 8 மணிக்கு ஆபரேஷன் என்றால் 6 மணி வரை தண்ணீர், கட்டங்காபி, சக்கை இல்லாத ஆப்பிள் ஜூஸ் எதுவும் சரி. மதியம் ஒரு மணிக்கு மேல் முறை வருபவர்களுக்குக் காலை 6 மணிக்கு இட்லி தருவோம். வயிறு மெதுவாகக் காலியாகும் பிரச்சினை உள்ளவர்களுக்கும் இன்சுலின் போடுபவர்களுக்கும் நேரம் வேறு. சிஸ்டர் தனியாகச் சொல்வார்.

பால் மட்டும் திட உணவுக் கணக்கு. "ஒரு வாய் பால் காபிதானே" என்று போன மாதம் ஒரு மகன் ஏழு மணிக்கு அம்மாவுக்கு ஃபிளாஸ்க்கிலிருந்து ஊற்றிக் கொடுத்தார். அன்றைய முதல் ஆபரேஷன் அப்படியே மதியத்துக்குப் போனது.

ஆபரேஷன் அன்று

பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்வோம். மூட்டைச் சுற்றி வலி மருந்தும், ரத்தப்போக்கு குறைய டிரானெக்சாமிக் அமிலமும் உள்ளேயே கொடுத்துவிடுவோம். வார்டுக்கு வந்ததும் தாகம் என்றால் தண்ணீர், குமட்டல் இல்லையென்றால் சாப்பாடு.

மரப்பு போக மூன்று நான்கு மணி நேரம் ஆகும். பாதம் அசைய ஆரம்பித்ததும் அதை மேலும் கீழுமாக ஆட்டுங்கள், மணிக்குப் பத்து முறை. காலில் ரத்தம் உறையாமல் இருக்க ஊசியும் மாத்திரையும் ஒரு பங்கு, இந்த ஆட்டல் ஒரு பங்கு.

அப்புறம் நான் வருவேன். முதலில் முட்டியை நிமிர்த்தி, காலைப் படுக்கையிலிருந்து தூக்கச் சொல்வேன். தொடையில் பலம் வராமல் எழுப்ப மாட்டேன். பலம் இருந்தால் கட்டில் ஓரத்தில் கால் தொங்கவிட்டு இரண்டு நிமிடம் உட்கார வேண்டும். இந்த இரண்டு நிமிடத்தில்தான் சிலருக்கு முகம் வெளுக்கும், நெற்றியில் வியர்க்கும், "கிர்ருனு வருது" என்பார்கள். அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். படுக்கவைத்து ரத்த அழுத்தம் பார்த்து, அரை மணி கழித்து மறுபடி முயல்வோம். தலை சுற்றவில்லை என்றால் எழுந்து நிற்க வேண்டும். வாக்கரை இழுத்து எழாதீர்கள், கையைக் கட்டிலில் ஊன்றி எழுந்து பிறகு வாக்கரைப் பிடியுங்கள். வாக்கர் முதலில், ஆபரேஷன் கால் அடுத்து, நல்ல கால் கடைசி. நாற்காலி வரை நாலு எட்டு போதும். புது மூட்டைச் சிமெண்ட் வைத்து ஒட்டியவர்களும் சரி, சிமெண்ட் இல்லாமல் பொருத்தியவர்களும் சரி, முழு எடையையும் அந்தக் காலில் போடலாம். போடக் கூடாது என்று மருத்துவர் எழுதியவருக்கு மட்டும் விதிவிலக்கு.

இனி துணைக்கு இருப்பவரைப் பற்றி. "இப்பத்தான் ஆபரேஷன் முடிஞ்சிருக்கு, ரெஸ்ட் எடுக்கட்டுமே" என்று என் கையைப் பிடித்துத் தடுக்கும் மகள்களை நான் வாரம் ஒருமுறை பார்க்கிறேன். பாசம்தான், எனக்குப் புரிகிறது. ஆனால் படுத்தே இருந்தால் சளி கட்டும், மலம் இறுகும், கெண்டைக்கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும். தண்ணீர் டம்ளரைக் கைக்குக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். மேஜையில் வையுங்கள், அவரே எட்டி எடுக்கட்டும். அவர் நடக்கும்போது பின்னால் கை நீட்டியபடி நில்லுங்கள், தூக்காதீர்கள். நாங்கள் இல்லாமல் முதல்முறை எழுப்பவும் கூடாது. முழங்காலுக்கு நரம்பு ஊசி போட்டவருக்கு அந்தக் கால் தனக்கு இருப்பதே மறந்துபோகும், ராத்திரி பாத்ரூமுக்குத் தனியாக எழுந்து விழுந்தவர்கள் உண்டு. மணியை அடியுங்கள்.

வலி

வலியே இருக்காது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். வலி இருக்கும், நடக்கவிடாத வலி இருக்கக் கூடாது. பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண் கேட்போம். நடக்கும்போது 5-க்குக் கீழே வைப்பது எங்கள் வேலை. பாரசிட்டமாலும், சிறுநீரகம் நன்றாக உள்ளவர்களுக்கு வீக்கம் குறைக்கும் மாத்திரையும் நேரப்படி வரும். வலி வந்தபிறகு கேட்டு வாங்கும் மருந்தல்ல அது. பயிற்சிக்கு அரை மணி முன்பு சாப்பிட்டால் நல்லது. டிரமடால் போன்ற கடுமையான மருந்து கொஞ்சமாக, கடைசியாகத்தான். குமட்டலும் மலச்சிக்கலும் அதன் கூடப் பிறந்தவை.

முழங்காலுக்கு ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி இருபது நிமிடம் வைக்கலாம். முட்டிக்கு அடியில் தலையணை வேண்டாம். இதமாகத்தான் இருக்கும், ஆனால் மடங்கிய முட்டி மடங்கியே நின்றுவிடும். குதிகாலுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள்.

இடுப்பு மாற்றியவர்கள் இரண்டு பேருக்கும் பின்பக்கமாகத் திறந்து செய்கிறோம். ஆறு வாரத்துக்கு இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்காதீர்கள். கால் மேல் கால் போடாதீர்கள். பாதத்தை உள்பக்கம் திருப்பாதீர்கள். கீழே விழுந்த செல்போனைக் குனிந்து எடுப்பதில்தான் மூட்டு கழலும். நாற்காலி உட்காரும்போது முட்டி இடுப்பைவிடத் தாழ்ந்திருக்கும் உயரத்தில் இருக்க வேண்டும்.

எப்போது வீடு

ஒவ்வொரு கட்டில் தலைமாட்டிலும் ஒரு தாள் தொங்கும். நான், வார்டு சிஸ்டர், டியூட்டி மருத்துவர் மூவரும் அதில் கையெழுத்துப் போட்ட அன்று நீங்கள் வீட்டுக்குப் போகலாம்.

என் பங்கு: யார் தொடாமலும் படுக்கையிலிருந்து எழ வேண்டும், நாற்காலியிலும் கமோடிலும் உட்கார்ந்து எழ வேண்டும், வாக்கரோடு வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்த் திரும்ப வேண்டும். அது சரியாக 70 மீட்டர். வீட்டில் படி உள்ளவர்கள் படியும் ஏறி இறங்க வேண்டும். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். முழங்கால் 90 பாகை மடங்கினால்தான் விடுவார்கள் என்று ஒரு வதந்தி வார்டில் சுற்றுகிறது. அப்படி இல்லை. அது வீட்டிலும் வரும்.

சிஸ்டரின் பங்கு: காயத்தில் கசிவு இல்லை, சிறுநீர் தானாகப் போகிறது, சாப்பாடு தங்குகிறது, வலி வாய்வழி மாத்திரையிலேயே அடங்குகிறது. உறைவுத் தடுப்பு ஊசி எழுதியிருந்தால் அதைப் போட வீட்டில் ஒருவர் கற்றுக்கொண்டு போட்டுக் காட்ட வேண்டும். மருத்துவர் ரத்த அழுத்தம், காய்ச்சல், ஹீமோகுளோபின், சிறுநீரகச் செயல்பாடு பார்ப்பார்.

இதெல்லாம் சரியாக இருந்தும் வீட்டில் துணைக்கு ஆள் இல்லை, கமோடு நாற்காலி வரவில்லை என்றால் கையெழுத்து விழாது. போன மாதம் ஒரு பாட்டி மூன்றாம் நாளே வராந்தாவைச் சுற்றி வந்தார். வெள்ளிக்கிழமை நாள் நன்றாக இல்லை என்று குடும்பமே நின்றதால் சனிக்கிழமைதான் கிளம்பினார். அதற்கெல்லாம் எங்களிடம் விதி இல்லை. மூன்றாம் நாளில் முடியாதவர் தோற்றவரும் அல்ல, ஐந்தாம் நாள் போகலாம். இரண்டு முட்டியையும் ஒன்றாக மாற்றியவர்களுக்கு அது சாதாரணம்.

வீட்டுக்குப் போனபின்

மறுநாள் காலை வார்டிலிருந்து ஃபோன் வரும், எடுங்கள். பதினாலாம் நாள் தையல் பிரிக்க வர வேண்டும். வீக்கம், முட்டியில் சூடு, தொடையில் நீலம் பாரித்தல், ராத்திரித் தூக்கமின்மை சில வாரம் இருக்கும், பயம் வேண்டாம். எண்ணெய் தேய்த்து நீவிவிட யாரையும் கூப்பிடாதீர்கள்.

காயத்திலிருந்து நீரோ சீழோ வந்தால், 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் அடித்தால், ஒரு கெண்டைக்கால் மட்டும் வலித்து வீங்கினால், இடுப்பு மாற்றியவருக்குத் திடீரென்று கால் குட்டையாகி அசைக்க முடியாமல் போனால், நாள் பார்க்காமல் வாருங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ எங்களுக்கு ஃபோன் செய்து கொண்டிருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அட்மிஷன். காப்பீட்டு அட்டை, ஆதார், மாத்திரைப் பை, பின்பக்கம் வார் வைத்த, அடி வழுக்காத செருப்பு கொண்டு வாருங்கள். தரையில் புரளும் நைட்டி வேண்டாம், கணுக்காலுக்கு மேலே நிற்கும்படி தைத்தது இரண்டு எடுத்து வாருங்கள்; வேட்டி கட்டுபவர்கள் மடித்துக் கட்டிக்கொள்ளலாம்.