சமனிலிகள்: குறி எங்கே திரும்பும், எண்கோட்டில் எப்படிக் காட்டுவது (தரம் 10, ரியூட் 4)

பிள்ளைகள், போன கிழமைப் பேப்பரைத் திருத்தினேன். சமன்பாடு எல்லோருக்கும் வருகிறது, சமனிலி என்றவுடன் புள்ளி போகிறது. போகிற இடமும் எப்போதும் ஒன்றுதான்: மறை எண்ணால் பெருக்கும்போதோ வகுக்கும்போதோ குறியைத் திருப்ப மறப்பது, இல்லாவிட்டால் திருப்பத் தேவையில்லாத இடத்தில் திருப்பிவிடுவது. இந்த ரியூட்டைக் கொப்பியில் செய்து சனிக்கிழமை வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். அடிமட்டம் இல்லாமல் கீறிய எண்கோட்டை நான் பார்க்கவே மாட்டேன்.

ஏன் திரும்புகிறது?

2 < 5 என்பது சரி. இரு பக்கமும் −1 ஆல் பெருக்கினால் −2, −5 வரும். எண்கோட்டில் 2 ஐ விட 5 பூச்சியத்திலிருந்து தூரத்தில் இருக்கிறது, மற்றப் பக்கம் போனாலும் −5 தான் தூரத்தில். ஆனால் இப்போது தூரம் என்றால் இடப்பக்கம், இடப்பக்கம் என்றால் சிறியது. ஆகவே −2 > −5. கோடு முழுவதும் பூச்சியத்தைச் சுற்றிப் புரண்டுவிட்டது, ஒழுங்கும் புரண்டுவிட்டது, அவ்வளவுதான்.

நம்பிக்கை வராதவர்கள் மறை எண்ணால் வகுக்காமலே செய்து பாருங்கள். −2x < 6 ஐ எடுங்கள். இரு பக்கமும் 2x ஐக் கூட்டினால் 0 < 6 + 2x. இரு பக்கமும் 6 ஐக் கழித்தால் −6 < 2x. 2 ஆல் வகுத்தால் −3 < x, அதாவது x > −3. எந்த இடத்திலும் குறியில் கை வைக்கவில்லை, ஆனாலும் விடை திரும்பித்தான் வந்தது. நேரே −2 ஆல் வகுத்துக் குறியைத் திருப்புவது இதே வேலையின் குறுக்குவழி.

திருப்புவது இரு பக்கமும் மறை எண்ணால் பெருக்கினால் அல்லது வகுத்தால் மட்டும். கூட்டினாலும் கழித்தாலும் திரும்பாது. கணக்கில் எங்கோ ஒரு மறைக்குறி தெரிகிறது என்பதற்காகவும் திரும்பாது. 2x > −8 இல் வகுப்பது +2 ஆல், விடை x > −4. வலப்பக்கத்து −8 ஐப் பார்த்துப் பயந்து x < −4 என்று எழுதுகிறவர்கள் வகுப்பில் குறைவில்லை.

எண்கோடு

< அல்லது > என்றால் அந்த எண் தீர்வில் இல்லை, வட்டத்தை வெறுமையாக விடுங்கள். ≤ அல்லது ≥ என்றால் அந்த எண்ணும் தீர்வு, வட்டத்தை நிழற்றுங்கள். x > −3 இப்படி வரும்:

```
<--|----|----o====|====|====|====|==>
  -5   -4   -3   -2   -1    0    1
```

அம்புக்குறி எந்தப் பக்கம் என்பதைச் சமனிலிக் குறியின் வாயைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். 4 > x என்று இருந்தால் கோடு இடப்பக்கம் போக வேண்டும். x ஐ இடப்பக்கம் வைத்து x < 4 என்று திருப்பி எழுதிவிட்டுக் கீறினால் குழப்பம் வராது.

நிறைவெண் தீர்வு கேட்டால் கோட்டைத் தடிப்பாக்கக் கூடாது, அந்தந்த எண்ணில் புள்ளி மட்டும். இதில் போகிற புள்ளிதான் எனக்கு அதிகம் கோபம் தருவது, ஏனென்றால் கணக்கைச் சரியாகச் செய்துவிட்டுக் கேள்வியை வாசிக்காமல் விடுகிற பிழை இது.

செய்து காட்டிய கணக்கு: −7 ≤ 3 − 2x < 5

மூன்று பகுதியிலும் 3 ஐக் கழிக்க −10 ≤ −2x < 2. மூன்றையும் −2 ஆல் வகுக்க, இரண்டு குறியும் திரும்பி 5 ≥ x > −1. சிறிய எண் இடப்பக்கம் வரும்படி எழுதினால் −1 < x ≤ 5.

```
<--|----o====|====|====|====|====|====●----|-->
  -2   -1    0    1    2    3    4    5    6
```

இனிச் சரிபார்ப்பது. தடித்த பகுதியிலிருந்து ஓர் எண்ணை எடுங்கள், x = 0: 3 − 0 = 3, அது −7 க்கும் 5 க்கும் இடையில், சரி. வெளியிலிருந்து x = 6: 3 − 12 = −9, −7 ஐ விடச் சிறியது, பொருந்தவில்லை, அதுவும் சரிதான். அரை நிமிடம்கூடப் பிடிக்காது. குறியைத் திருப்ப மறந்திருந்தால் இங்கேயே பிடிபட்டுவிடும்.

(இந்த <, > குறிகள் முதலில் அச்சில் வந்தது 1631 இல், தோமஸ் ஹரியட் என்ற ஆங்கிலேயர் இறந்து பத்து வருடத்துக்குப் பிறகு வெளிவந்த அவருடைய நூலில். பரீட்சைக்கு வராது, தெரிந்து வையுங்கள்.)

பகுதி அ. தீர்க்க வேண்டாம். x ஐத் தனியே எடுக்கும்போது குறி திரும்புமா, இல்லையா? −x வந்தால் −1 ஆல் வகுப்பதாக வையுங்கள்.

1) 3x > −12
2) −x ≤ 7
3) x − 9 < −4
4) x/(−4) ≥ 2
5) 5 − x > 8

பகுதி ஆ. தீர்த்து எண்கோட்டில் காட்டுக.

6) −5x < 20
7) 7 − 3x ≥ 1
8) −x/2 + 1 > 4
9) 2(x − 3) ≤ 5x + 9
10) −3 < 1 − 2x ≤ 9. இதற்கு நிறைவெண் தீர்வுகளை மட்டும் காட்டுக.

பகுதி இ.

11) ஒரு பிள்ளை எழுதியது: 4 − 2x > 10, ஆகவே −2x > 6, ஆகவே x > −3. x = 0 ஐப் போட்டுப் பார்த்து, பிழை எந்தப் படியில் என்று சொல்லித் திருத்துக.

12) நீர்வேலியில் வாழைத் தோட்டக் கிணறு ஒன்று. தரைமட்டத்தை 0 என எடுத்தால் நீர்மட்டம் இப்போது −4 மீற்றர். வோட்டர் பம்ப் போட்டால் மணிக்கு 0.5 மீற்றர் வீதம் இறங்குகிறது. நீர்மட்டம் −6.5 மீற்றருக்குக் கீழே போனால் பம்ப் காற்றை இழுக்கும். t மணித்தியாலம் இறைக்கலாம் என்றால் சமனிலியை எழுதி, தீர்த்து, எண்கோட்டில் காட்டுக. (நேரம் மறை எண்ணாக வராது, அதையும் கோட்டில் காட்ட வேண்டும்.)

13) உங்களிடம் 1000 ரூபா. கொப்பி ஒன்று 120 ரூபா. பஸ்ஸுக்கும் மற்றச் செலவுக்கும் குறைந்தது 280 ரூபா மிஞ்ச வேண்டும். n கொப்பி வாங்கலாம் என்றால் n இன் பெறுமானங்கள் எவை? இங்கே கோடா, புள்ளியா?

14) கொஞ்சம் யோசிக்க: 6/x > 2. இரு பக்கமும் x ஆல் பெருக்கி 6 > 2x, ஆகவே x < 3 என்றார் ஒருவர். x = −1 ஐப் போட்டுப் பாருங்கள். எங்கே பிழைத்தது?

விடைகள் (செய்து முடித்த பிறகு பார்க்கவும், முதலே பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும்)

1, 3 திரும்பாது. 2, 4, 5 திரும்பும். 5 இல் 5 ஐக் கழித்தவுடன் −x > 3, அதற்குப் பிறகுதான் திரும்புகிறது.

6) x > −4
7) x ≤ 2
8) x < −6
9) x ≥ −5. x ஐ வலப்பக்கம் சேர்த்து −15 ≤ 3x என்று செய்தவர்களுக்குக் குறி திரும்பவே தேவைப்பட்டிருக்காது, அதுவும் சரி.
10) −4 ≤ x < 2, புள்ளிகள் −4, −3, −2, −1, 0, 1
11) x = 0 இல் 4 > 10 வருகிறது, பொய். கடைசிப் படியில் −2 ஆல் வகுத்தபோது திருப்பவில்லை. x < −3.
12) −4 − 0.5t ≥ −6.5, −0.5t ≥ −2.5, t ≤ 5. ஆகவே 0 ≤ t ≤ 5, இரண்டு முனையிலும் நிழற்றிய வட்டம்.
13) 1000 − 120n ≥ 280, −120n ≥ −720, n ≤ 6. அரைக் கொப்பி எந்தக் கடையிலும் தரமாட்டார்கள், ஆகவே 0 முதல் 6 வரை புள்ளிகள்.
14) x = −1 என்றால் −6 > 2, பொய். x நேரா மறையா என்று தெரியாமல் பெருக்கியதுதான் பிழை. x மறை என்றால் 6/x உம் மறை, 2 ஐ விடப் பெரிதாக வரவே முடியாது. x நேர் என்றால் x < 3. ஆகவே 0 < x < 3, இரண்டு முனையிலும் வெற்று வட்டம்.