இயக்குநர் குழுவுக்கான மாதச் சுருக்கம்: அக்டோபர் 2025

25,200 கதிர், 21 ரிங் ஃபிரேம், 40ஆம் நம்பர் கோம்ப்டு பனியன் நூல்
தயாரித்த நாள்: 8 நவம்பர் 2025. ஆலைப் பிரிவும் கணக்குப் பிரிவும் சேர்ந்து தயாரித்தது.

ஒரு நிமிடம்தான் இருக்கிறது என்றால்

மூன்று சிவப்பு, இரண்டு மஞ்சள், மூன்று பச்சை. உற்பத்தி 17 டன் குறைந்தது. ஒரு கிலோ நூலுக்கான மின்செலவு இலக்கைவிட ரூ.4.72 கூடியது. ஒரு தொழிலாளிக்கு விரலில் காயம். இந்த மூன்றிலும் மழை வாரத்தில் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தாமல் விட்டதற்குப் பங்கு உண்டு. குழு முடிவெடுக்க வேண்டியவை மூன்று. கடைசிப் பகுதியில் உள்ளன.

| அளவு | அக். இலக்கு | ஆக. | செப். | அக். | நிலை |
|---|---|---|---|---|---|
| உற்பத்தி, டன் | 265 | 289 | 284 | 248 | 🔴 சிவப்பு ↓ |
| வேலை நாளுக்கு உற்பத்தி, டன் | 9.80 | 9.63 | 9.47 | 9.19 | (மேலே சேர்ந்தது) |
| மின்செலவு, ரூ./கிலோ | 32.90 | 28.79 | 30.70 | 37.62 | 🔴 சிவப்பு ↑ |
| வேலையிழப்பு விபத்து | 0 | 0 | 0 | 1 | 🔴 சிவப்பு ↑ |
| பங்களிப்பு, ரூ./கிலோ | 78 | 79 | 77 | 75 | 🟡 மஞ்சள் ↓ |
| வரவேண்டிய பாக்கி, நாள் | 40 | 36 | 39 | 42 | 🟡 மஞ்சள் ↑ |
| பஞ்சிலிருந்து நூல், % | 68.5 | 68.9 | 68.8 | 69.1 | 🟢 பச்சை ↑ |
| வாடிக்கையாளர் புகார் | 3க்குள் | 2 | 1 | 2 | 🟢 பச்சை ↑ |
| பஞ்சு இருப்பு, நாள் | 45 | 52 | 49 | 46 | 🟢 பச்சை ↓ |

இலக்கிலிருந்து பாதகமான விலகல் 1% வரை பச்சை, 5% வரை மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு. விபத்துக்குச் சதவீதம் கிடையாது. ஒன்று நடந்தாலே சிவப்பு. அம்பு எண் போகும் திசையை மட்டும் காட்டுகிறது. மின்செலவிலும் பாக்கியிலும் ↑ என்றால் கெட்ட செய்தி. கறுப்பு வெள்ளையில் அச்செடுத்துப் படிப்பவர்களுக்காக நிறத்தின் பெயரையும் எழுதியிருக்கிறோம்.

🔴 உற்பத்தி: 17 டன் எங்கே போனது

ஆள் வராமல் 9.3 டன். தீபாவளிக்கு 19 முதல் 21 வரை மூன்று நாள் விடுமுறை திட்டமிட்டதுதான். காந்தி ஜயந்தியையும் கழித்துத்தான் 27 வேலை நாளுக்கு இலக்கு வைத்தோம். கணக்கில் விட்டது சத் பூஜை. அது அக்டோபர் 25 முதல் 28 வரை. ஊருக்குப் போன பீகார் தொழிலாளர்கள் அதையும் முடித்துக்கொண்டுதான் ரயில் ஏறினார்கள். 24 முதல் 28 வரை ஐந்து நாள், நான்கு ஃபிரேம் சைடர் இல்லாமல் நின்றது. இது வருடாவருடம் வருவது. விடுமுறைப் பட்டியல் போட்ட நாங்கள் பார்த்திருக்க வேண்டும். அடுத்த ஆண்டு முதல் ஊருக்குப் போகிறவர்களை இரண்டு அணியாகப் பிரித்து, ஒன்று தீபாவளிக்கு முன்பும் மற்றது பின்பும் போகும்படி ஆகஸ்டிலேயே பெயர் எழுதிவிடுவோம்.

ஈரப்பதத்தால் 6 டன். 13 முதல் 18 வரை ரிங் ஃபிரேம் பிரிவில் ஈரப்பதம் 64–66% இருந்தது. நமக்கு வேண்டியது 56–58%. தானியங்கிக் கட்டுப்பாடு செப்டம்பரிலிருந்தே கைமுறையில் கிடந்திருக்கிறது. வெளியே மழை கொட்டும்போதும் இரவு ஷிஃப்டில் தண்ணீர் தெளிப்பு பம்ப் ஓடியது. உருளைகளில் பஞ்சு சுற்றிக்கொண்டது. 100 கதிர் மணிக்கு 3 ஆக இருந்த இழை அறுவு 5.5 ஆனது. கதிர் வேகத்தை 18,500 சுற்றிலிருந்து 17,000க்கு இறக்கித்தான் சமாளித்தோம். இப்போது கட்டுப்பாடு தானியங்கிக்கு மாறிவிட்டது. 58% தாண்டினால் பம்ப் நிற்கும். கைமுறைக்கு மாற்றினால் ஷிஃப்ட் பதிவேட்டில் கையெழுத்து வேண்டும்.

மீதி 1.7 டன் நம்பர் மாற்றத்தில் போனது, வழக்கமான அளவுதான். மொத்தக் குறைவால் இழந்த பங்களிப்பு சுமார் ரூ.12.8 லட்சம்.

🔴 மின்செலவு: ரூ.11.7 லட்சம் கூடுதல்

இதில் ரூ.7.4 லட்சம் விலையால். காற்றாலை சீசன் முடிந்தது, சேமிப்பில் இருந்த யூனிட்டுகளும் செப்டம்பரிலேயே தீர்ந்தன. மின்வாரியத்திடம் வாங்கும் பங்கு ஏறியதால் சராசரி விலை யூனிட்டுக்கு ரூ.7.00 என்ற இலக்குக்குப் பதில் ரூ.7.60 ஆனது. ஆகஸ்டில் ரூ.6.10 மட்டுமே. காற்று மீண்டும் எழும் மே மாதம் வரை இந்த வரி பச்சைக்கு வராது என்றே நினைக்கிறோம். இலக்கைத் திருத்தித் தரும்படி கேட்கவில்லை.

மீதி ரூ.4.3 லட்சம் நம் கையில் இருப்பது. கிலோவுக்கு 4.70 யூனிட் ஆக வேண்டிய இடத்தில் 4.95 ஆனது. நான்கு ஃபிரேம் நின்ற நாட்களிலும் ஈரப்பத ஆலை விசிறிகள், கம்ப்ரசர், கழிவு உறிஞ்சி எல்லாம் முழு வேகத்தில் ஓடின. மூன்று ஃபிரேமுக்கு மேல் நின்றால் ஒரு கம்ப்ரசரை நிறுத்த உத்தரவிட்டிருக்கிறோம். விசிறிக்கு வழி, முடிவு 1இல்.

🔴 விபத்து

அக்டோபர் 16, இரவு ஷிஃப்ட், டிராயிங் பிரிவு. உருளையில் சுற்றிய பஞ்சை இயந்திரத்தை நிறுத்தாமல் கையால் எடுக்கப் போய் ஆள்காட்டி விரல் நுனி சிக்கியது. இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் தையல் போடப்பட்டது. தொழிலாளி 11 நாள் கழித்துப் பணிக்குத் திரும்பினார். 48 மணி நேரத்துக்கு மேல் வர முடியாததால் தொழிற்சாலை ஆய்வாளருக்கு முறைப்படி அறிவித்தோம். மூடியைத் திறந்தால் இயந்திரம் நிற்க வேண்டும். அந்த டிராயிங்கில் மூடியின் சுவிட்சுக்கு இணைப்பு கொடுத்து முடக்கியிருந்தார்கள், அடிக்கடி நிற்கிறது என்பதற்காக. எல்லா டிராயிங்கிலும் சோதித்தபோது இன்னொன்றிலும் அப்படியே இருந்தது. இரண்டும் சரிசெய்யப்பட்டன. இனி மாதம் ஒருமுறை எலக்ட்ரீஷியன் சோதித்து, விவரம் இந்தச் சுருக்கத்தில் வரும்.

🟡 பாக்கி: நிறத்தைவிட அம்பைப் பாருங்கள்

42 நாள் என்பது மஞ்சளின் கடைசி விளிம்பு. மாதம் மூன்று நாள் வீதம் ஏறுகிறது. நவம்பரில் சிவப்பாகும் வாய்ப்பே அதிகம். 45 நாள் தாண்டிய பாக்கி ரூ.1.84 கோடி. அதில் ரூ.1.12 கோடி திருப்பூரில் மூன்று வாடிக்கையாளர்களிடம். மூவருமே அமெரிக்க ஆர்டரை நம்பியிருப்பவர்கள்; ஆகஸ்ட் 27 முதல் அங்கே 50% வரி. பணம் தர மறுக்கவில்லை, சரக்கு நகரவில்லை. பங்களிப்பு ரூ.75க்கு இறங்கியதற்கும் இதே மந்தம்தான் காரணம்: பஞ்சு விலை கொஞ்சம் குறைந்தாலும் நூல் விலை அதைவிட வேகமாகக் குறைந்தது.

🟢 பச்சையானவை

பஞ்சிலிருந்து நூல் 69.1%: கோம்பர் கழிவை அரை சதவீதம் குறைத்த பலன். தரப் புகார் இலக்கைத் தாண்டவில்லை. பஞ்சு இருப்பு புது வரத்தை எதிர்பார்த்து வேண்டுமென்றே இறக்கியது.

நவம்பர் எதிர்பார்ப்பு

30 வேலை நாள். இலக்கு 294 டன், எங்கள் கணிப்பு 286 (🟡). மின்செலவு கிலோவுக்கு ரூ.36 சுமார் (🔴).

குழுவின் முடிவுக்கு

1. ஈரப்பத ஆலையின் இரண்டு விசிறிகளுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, ரூ.6.8 லட்சம். நாளுக்கு 260 யூனிட் மிச்சம். ஒரு வருடத்துக்குள் போட்ட பணம் திரும்பும். பரிந்துரை: ஒப்புதல்.

2. மேற்சொன்ன மூவரின் கடன் வரம்பை, ஆளுக்கு ரூ.60 லட்சத்திலிருந்து ரூ.35 லட்சமாகக் குறைப்பது. அதற்கு மேல் பணம் வந்தபின்தான் லோடு. விற்பனைப் பிரிவு இதை விரும்பவில்லை. மாதம் 12 டன் வேறு இடம் போகலாம் என்கிறார்கள். கணக்குப் பிரிவின் பரிந்துரை: குறைக்கலாம்.

3. இறக்குமதிப் பஞ்சு 800 பேல், சுமார் ரூ.2.06 கோடி. வரிவிலக்கு டிசம்பர் 31 வரைதான். கப்பல் தாமதமானால் 11% வரி, சுமார் ரூ.23 லட்சம், நம் தலையில். ஏற்கனவே கடலில் வந்துகொண்டிருக்கும் சரக்காக இருந்தால் மட்டும் வாங்கலாம். புதிதாக ஏற்றச் சொல்வது வேண்டாம். விற்பவரின் விலை நவம்பர் 14 மாலை வரை செல்லும், அதற்குள் பதில் வேண்டும்.

கணக்குக் குறிப்பு: பஞ்சு, நூல் இருப்பு அக்டோபர் 31 அன்று நேரில் எண்ணியது. மின்வாரிய ரீடிங் 27ஆம் தேதி எடுத்தது. கடைசி நான்கு நாள் நம் மீட்டர்படி. பில் வந்ததும் மின்செலவு சில காசுகள் மாறலாம், நிறம் மாறாது.